குறிப்புகளின் ஒழுங்கு குலையாமல் பந்தி எழுதுவது

கேள்வி: யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் பற்றிய கட்டுரைக்குச் சேர் ஒரு சட்டகம் தந்தவர். ஒழுங்கை மாத்தாமல் முழுப் பந்திகளாய் எழுதச் சொன்னவர். நான் எழுதினால் ஒவ்வொரு குறிப்புக்கும் முற்றுப்புள்ளி வைத்தது மாதிரித்தான் வருது. கொஞ்சம் வாசிக்கிற மாதிரி எழுதப் போனால் ஒழுங்கு மாறிப்போகுது. என்ன செய்யலாம்? சட்டகம் இதுதான்:

1. நிலம்: சுண்ணக்கல் / ஆறு இல்லை / மழை ஐப்பசி–மார்கழி
2. நன்னீர் வில்லை: உப்புநீருக்கு மேலே / 1 : 40
3. கிணறு: ஆவணி, புரட்டாதியில் உவர் / துலா → மெசின் / வெங்காயம், புகையிலை, மிளகாய்
4. நைத்திரேற்று: உரம், மலக்குழி / 50 மி.கி.
5. தீர்வு: குளம், கேணி / தொண்டைமானாறு?

பதில்:

உங்கள் சிக்கலுக்குப் பாதிக் காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. ஒழுங்கு மாறுவது பந்தியை இடம் மாற்றி வைப்பதால் அன்று. ஒரு வாக்கியத்துக்குள்ளேயே, நமக்குத் தெரியாமல் மாறுகிறது. மூன்றாம் தலைப்பை எடுத்து, "கொஞ்சம் வாசிக்கிற மாதிரி" எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களுக்கு மெசினால் அளவின்றி இறைப்பதால் ஆவணி, புரட்டாதியில் கிணறுகள் உவர்க்கின்றன."

நல்ல வாக்கியம், பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சட்டகத்தில் உவர் முதலாவது, மெசின் இரண்டாவது, பயிர் மூன்றாவது. இந்த வாக்கியத்தில் அது தலைகீழ். தமிழில் அடை முன்னால் வரும், முக்கிய வினை கடைசியில் வரும். காரணம், காலம், இடம் எல்லாம் வினைக்கு முன்னே போய் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று குறிப்புகளை ஒரே வாக்கியத்தில் கட்டினால் கடைசிக் குறிப்பு முன்னுக்கு வருவது இயல்பு. "நன்னீர் வில்லை, உப்புநீருக்கு மேலே" என்பதை "உப்புநீருக்கு மேலே மிதக்கும் நன்னீர் வில்லை" என்று எழுதும்போதும் இதுவேதான் நடக்கிறது. அதோடு ஓர் இழப்பும் உண்டு. "மிதக்கும்" என்று பெயரெச்சமாக்கிவிட்டால் அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த செய்தி போல ஒதுங்கிவிடுகிறது. சேர் அதைத் தனிக் குறிப்பாக வைத்தது, அதை நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக.

எனவே முதல் விதி: ஒவ்வொரு குறிப்புக்கும் சொந்தமாக ஒரு வினைமுற்று இருக்க வேண்டும். அது முழு வாக்கியமாகவோ, அரைப்புள்ளிக்கு ஒரு பக்கமாகவோ இருக்கலாம். ஒரு குறிப்புக்கு உள்ளே இருக்கும் சொற்கள் இடம் மாறினால் பாதகமில்லை. குறிப்புக்கும் குறிப்புக்கும் இடையே மாறக் கூடாது.

எழுதத் தொடங்கமுன் குறிப்புகளுக்கு எண் போடுங்கள். 1அ சுண்ணக்கல், 1ஆ ஆறு இல்லை, 1இ மழை என்று போனால் மொத்தம் 12 வரும். பிறகு ஒவ்வொன்றையும் வேறொரு தாளில் தனி வாக்கியமாக்குங்கள். இணைப்பைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு குறிப்பிடமும் "யார் அல்லது எது, என்ன செய்கிறது?" என்று கேட்டால் போதும். இந்தப் படியில்தான் குறிப்பு எதை விழுங்கியிருக்கிறது என்பது தெரியவரும்.

"ஆறு இல்லை" என்பதைப் பாருங்கள். அப்படியே "யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை" என்று எழுதினால், வழுக்கையாறு என்ன என்று வாசிப்பவர் கேட்பார். வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. சேர் சொல்ல நினைத்தது "ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை" என்பதுதான். குறிப்பு எழுதுபவர் தனக்குத் தெரிந்த வரம்பை எழுத மாட்டார். வாக்கியம் எழுதுபவர் அதைத் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் குறிப்பில் சரியாக இருந்தது வாக்கியத்தில் பிழையாகிவிடும்.

வெறும் இலக்கமாக உள்ள குறிப்பு இன்னும் ஆபத்தானது. "1 : 40" என்பதற்கு எழுவாயும் இல்லை, அலகும் இல்லை. "ஒரு பங்கு உப்புநீர், 40 பங்கு நன்னீர்" என்று விரித்தால் வாக்கியம் அழகாக நிற்கும், ஆனால் முழுப் பிழை. உண்மையில் இது உயரத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம். நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால் கடல்நீர் ஏறத்தாழ 1.025. வித்தியாசம் 0.025, 1.000 ஐ அதால் பிரித்தால் 40. ஆகவே நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். இவ்வளவையும் கட்டுரையில் எழுத வேண்டியதில்லை. ஆனால் இலக்கத்தின் இரண்டு பக்கமும் எதை அளக்கின்றன என்று தெரியாமல் அதைச் சுற்றி வாக்கியம் கட்டக் கூடாது. தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சேரிடம் கேளுங்கள். இடைவெளியை ஊகத்தால் நிரப்பிய வாக்கியத்தைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அது மற்ற வாக்கியங்களைப் போலவே திடமாக நிற்கும்.

"50 மி.கி." என்பதும் அப்படித்தான். எதில் 50? ஒரு லீற்றர் குடிநீரில். எதன் 50? நைத்திரேற்றாக அளந்தால் 50. அதில் உள்ள நைதரசனை மட்டும் அளக்கும் அறிக்கைகளில் இதே எல்லை ஏறத்தாழ 11 என்று வரும். உங்கள் தலைப்பு "நைத்திரேற்று" என்பதால் 50 சரி. "உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது" என்று எழுதினால் அந்தக் குறிப்பு முழுமை பெறும்.

அம்புக்குறியையும் கவனியுங்கள். "துலா → மெசின்" என்பதில் அம்பு எதைச் சொல்கிறது? முன்பு அது, இப்போது இது என்ற கால மாற்றத்தை. "துலா மெசினாக மாறியது" என்று எழுதினால் துலாவே உருமாறியது போல இருக்கும். மாறியது இறைக்கும் முறை. எழுவாயை அங்கே வையுங்கள்.

இனித் தலைப்பு. "நிலம்" என்பதை "முதலில் நிலம் பற்றிப் பார்ப்போம்" என்று விரிப்பது நம் பள்ளிக்கூடங்களில் ஊறிப்போன பழக்கம். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் பந்தியில் ஒன்றும் குறையாது. ஆகவே அது தேவையில்லை. தலைப்பின் கீழே உள்ள குறிப்புகளை ஒரு தடவை சேர்த்துப் பாருங்கள். சுண்ணக்கல், ஆறு இல்லை, மூன்று மாத மழை: இவை மூன்றும் சேர்ந்து என்ன சொல்கின்றன? தண்ணீரை மேலே தேட முடியாது, கீழேதான் தேட வேண்டும் என்று. அதுதான் பந்தியின் முதல் வாக்கியம். ஆனால் அந்த முதல் வாக்கியம் குறிப்புகளைத் திருடக் கூடாது. "ஆறுகள் இல்லாத சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணம்…" என்று தொடங்கினால் 1அ, 1ஆ இரண்டும் முதல் வரியிலேயே செலவாகிவிடும். பிறகு அவற்றைச் சொல்லும்போது சொன்னதையே சொல்வது போல இருக்கும்.

முதற் பந்தி இப்படி அமையலாம்:

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் தண்ணீரை நிலத்துக்கு மேலே தேட முடியாது, கீழேதான் தேட வேண்டும். இங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல். இப்படிப்பட்ட நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறு செய்ய வேண்டிய வேலையை இங்கே மழை செய்கிறது. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும்."

இரண்டாவது வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையே "இப்படிப்பட்ட நிலத்தில்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். "சுண்ணக்கல் ஆதலால் ஆறு இல்லை" என்று எழுதலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். "ஆதலால்", "எனவே" போன்ற சொல் வெறும் ஒட்டுப்பசை அன்று; அது ஒரு கூற்று. சட்டகத்தில் இரண்டு குறிப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதற்காக ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. குடாநாடு தட்டையானது, சிறியது. ஆறு இல்லாததற்கு அவையும் காரணங்கள். சுண்ணக்கல்லை மட்டும் பிடித்துக் காரணம் ஆக்கினால் சேர் சொல்லாத ஒன்றை நீங்கள் சொன்னதாகிவிடும். காரணம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் "ஆதலால்" போடுங்கள். மற்ற இடத்தில் "இப்படிப்பட்ட", "அங்கே", "அந்த" போன்ற சுட்டு போதும்.

சுட்டு போதுமா என்று கேட்பீர்கள். தமிழில் அதற்கு நல்ல பலம் உண்டு. அந்தாதி எப்படி ஒரு பாட்டின் முடிவைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்குகிறதோ, அப்படியே ஒரு வாக்கியத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் பெயரைப் பிடித்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்கலாம். மேலே உள்ள பந்தியில் "சுண்ணக்கல்" என்று முடிகிறது, "இப்படிப்பட்ட நிலத்தில்" என்று எழுகிறது. "ஆறு ஒன்றுகூட இல்லை" என்று முடிகிறது, "ஆறு செய்ய வேண்டிய வேலையை" என்று எழுகிறது. ஒழுங்கை மாற்றாமல் இணைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் இது முன்னோக்கி மட்டுமே போகும்.

இதற்கு நேர்மாறானவை "மேலும்", "அத்துடன்", "அதுமட்டுமன்றி". இவை தொடர்பு இருப்பது போலக் காட்டும் சொற்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். "மேலும்" என்பதை வெட்டிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றி வாசியுங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் நீங்கள் இன்னும் இணைப்பைக் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் சொன்ன "முற்றுப்புள்ளி வைத்தது மாதிரி" என்ற குறை இங்கிருந்துதான் வருகிறது.

வினையெச்சங்களைச் சங்கிலியாகப் போடுவதும் சிலருக்குப் பிடித்த வழி: "மழை பெய்து, நிலத்தில் இறங்கி, சுண்ணக்கல்லில் தேங்கி…" ஒழுங்கு குலையாது என்பது உண்மை. ஆனால் "செய்து" என்னும் எச்சம் பெரும்பாலும் ஒரே எழுவாயை எதிர்பார்க்கும். "மழை பெய்து, மக்கள் இறைத்து, கிணறு உவர்த்து" என்று எழுவாய் மாறிக்கொண்டே போனால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். எழுவாய் மாறும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். இரண்டு எச்சத்துக்கு மேல் ஒரு வாக்கியத்தில் வேண்டாம் என்பது என் கணக்கு.

இரண்டாம் பந்தியின் தொடக்கம் முதற் பந்தியின் முடிவிலேயே இருக்கிறது. மழை என்று முடித்தோம், "அந்த மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி ஒரு நன்னீர் வில்லையாகத் தேங்குகிறது, நடுவில் தடிப்பாகவும் கரையோரத்தில் மெல்லியதாகவும் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர்" என்று தொடங்கலாம். "வில்லை" என்ற சொல்லுக்குத் தந்த விளக்கம் சட்டகத்தில் இல்லை. ஆனால் தலைப்பில் உள்ள சொல்லை வாசிப்பவருக்குப் புரியவைப்பதால் அது செல்லும். தொடர்ந்து 2அ: "இந்த வில்லை உப்புநீருக்கு மேலே மிதக்கிறது; நன்னீர் கடல்நீரை விடப் பாரம் குறைந்தது." பிறகு 2ஆ, மேலே சொன்ன விகிதம்.

மூன்றாம் தலைப்புக்குத் திரும்பி வருவோம். அதுதான் கடினமானது, ஏனென்றால் சேர் விளைவை முதலில் வைத்து, காரணத்தைப் பின்னால் வைத்திருக்கிறார். பிழை அன்று, கிணற்றுக்குப் போகும் ஆளுக்கு முதலில் தெரிவது நாக்கில் படும் உவர்தான். இதைக் குலைக்காமல் எழுத "இதற்கு ஒரு காரணம்" என்ற தொடர் உதவும். அது விளைவை முடித்துவைத்துவிட்டுப் பின்னால் காரணத்தைக் கொண்டுவரும்:

"மேலே 1 மீற்றருக்குக் கீழே 40 மீற்றர் என்ற கணக்கு இறங்குமுகத்திலும் பொருந்தும் என்பதைக் கிணறு காட்டிக்கொடுக்கிறது. மழை நின்று பல மாதங்கள் கழிந்த ஆவணி, புரட்டாதியில் கரையோரக் கிணறுகள் பல உவர்க்கின்றன. இதற்கு ஒரு காரணம் இறைக்கும் முறை மாறியது: துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே இறைப்புக்கு எல்லை போட்டது, மெசினுக்குக் களைப்பு இல்லை. அப்படி இறைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களுக்குப் போகிறது."

3அ, 3ஆ, 3இ அதே வரிசையில் நிற்கின்றன. முதல் வாக்கியம் தலைப்பையும் முந்திய பந்தியையும் ஒன்றாகப் பிடிக்கிறது. "ஒரு காரணம்" என்பதில் "ஒரு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கிணற்றை அளவுக்கு மீறி ஆழமாக்குவதும் உவரை மேலே இழுக்கும். "கரையோர", "பல" என்பவையும் அப்படியே: நடுப்பகுதியில் வில்லை தடிப்பு, அங்கே எல்லாக் கிணறும் உவர்ப்பதில்லை.

நாலாம் பந்திக்குப் பாலம் கிடைத்துவிட்டது, அதுவும் சேர் போட்ட ஒழுங்கினாலேயே. பயிரில் முடித்தோம். "தோட்டத்துக்குப் போகும் தண்ணீரில் ஒரு பகுதி திரும்பவும் நிலத்துக்குள் இறங்குகிறது, அப்போது அது நைத்திரேற்றையும் கொண்டுபோகிறது" என்று தொடங்கலாம். முதலில் உரம், பிறகு மலக்குழி. மலக்குழி தோட்டத்தில் இல்லை என்பதால் "தோட்டத்தில் மிஞ்சும் உரம் ஒருபுறம், வீட்டு வளவில் உள்ள மலக்குழி மறுபுறம்" என்று இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவது போல இருக்கும். இதை முதலில் எழுதியிருந்தால் பாலமே தேவைப்பட்டிருக்காது என்று உங்களுக்குத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும், ஒழுங்கை மாற்றமுன் முந்திய பந்தியின் கடைசி வாக்கியத்தை ஒருதடவை வாசியுங்கள். பாலம் பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

ஐந்தாம் தலைப்பில் "குளம், கேணி" எளிது: மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாமல் தேக்கினால் அது மெல்ல நிலத்துக்குள் இறங்கி வில்லைக்குச் சேரும். "தொண்டைமானாறு?" என்பதில் கேள்விக்குறிதான் முக்கியம். அது சேருடைய ஐயம். அதை அழித்துவிட்டு "தொண்டைமானாற்றுத் தடுப்பணை இப்பிரச்சினைக்குத் தீர்வாகும்" என்று எழுதினால் குறிப்பின் பொருளே மாறிவிடும். ஐயத்தை ஐயமாகவே வாக்கியத்தில் வையுங்கள்: "கடல்நீர் உள்ளே வராமல் தடுத்து வடமராட்சி நீரேரியை நன்னீராக்கும் எண்ணத்துடன் தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டப்பட்டது, அது சுற்றியுள்ள கிணறுகளுக்கு எவ்வளவு உதவும் என்பது இன்னும் கேள்வியாகவே உள்ளது." அல்லது சேரிடம் கேட்டு, அவர் உறுதியாகச் சொன்னால் உறுதியாக எழுதலாம்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 12 குறிப்புக்கும் ஒவ்வொன்றுக்கு 15 முதல் 20 சொல், 5 தலைப்பு வாக்கியங்களுக்கு 10 சொல் வீதம் வைத்தால் ஏறத்தாழ 230 முதல் 290 சொல் வரும். இடையிடையே வரும் விளக்கங்களோடு 300 தாண்டும். அதைவிட அதிகம் கேட்டிருந்தால் எல்லாப் பந்தியையும் சமமாக ஊத வேண்டாம். 2ஆவும் 3ஆவும் விரித்தால் தாங்கும். 1இ தாங்காது, மழையைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதினால் அது வேறு கட்டுரை.

எழுதி முடித்தபின் சட்டகத்தை மூடிவைத்துவிட்டு, கட்டுரையின் ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் குறிப்புக்கு உரியது என்று பென்சிலால் எண் போடுங்கள். மேலிருந்து கீழே 1அ, 1ஆ, 1இ, 2அ என்று ஏறுவரிசையில் வர வேண்டும். ஓர் எண் இரண்டு இடத்தில் வந்தால், பெரும்பாலும் தலைப்பு வாக்கியம் அதை முன்கூட்டியே திருடியிருக்கும். ஓர் எண் வராமலே போனால் அது ஏதோ பெயரெச்சத்துக்குள் ஒளிந்திருக்கும். தேடி எடுத்து வினைமுற்றுக் கொடுங்கள். எந்த எண்ணும் போட முடியாத வாக்கியம் இருந்தால், அது ஒரு சொல்லை விளக்குகிறதா, இரண்டு குறிப்பை இணைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் புதிய தகவல் ஒன்றைச் சொன்னால் அது உங்களுடையது, சேருடையது அன்று. அதை வெட்டுங்கள், அல்லது ஓரத்தில் குறித்துவைத்து அவரிடம் காட்டுங்கள்.